54 ஸ்லைடு, 60 பேர், ஆறு தாள்: ஒரு பயிற்சிக் கையேட்டை அச்சிட்ட கதை

மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கணக்கு எழுதுபவர்களுக்கான பயிற்சி அது. ரொக்கப் புத்தகம், பேரேடு, உறுப்பினர் சேமிப்பு, கடன் தவணை என்று வரிசையாகச் சொல்லிக்கொடுக்கும் 54 பவர்பாயிண்ட் ஸ்லைடுகள். கலந்துகொள்பவர்கள் 60 பேர், பாதிக்கு மேல் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். முந்தைய அணிக்கு வேறொரு கடையில் பக்கத்துக்கு ஆறு ஸ்லைடு வீதம் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா, “கண்ணாடி போட்டாலும் எழுத்து எறும்பா ஊருது” என்று சொன்னாராம். நிறைய பேர் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு வேறு நோட்டில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த அணிக்கான வேலை எங்கள் டி.டி.பி. கடைக்கு வந்தது.

பயிற்சியாளர் மேடம் கேட்டது மூன்று விஷயம். எழுத்து தெரிய வேண்டும், பக்கத்தில் எழுத இடம் வேண்டும், தாள் செலவு ஏறக் கூடாது. “மூணும் சேர்ந்து வராதுன்னு தெரியும்ணா, ரெண்டு வந்தாலும் போதும்” என்றார்.

மூன்று ஸ்லைடு என்கிற ஏமாற்று

எழுத இடம் வேண்டும் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, பவர்பாயிண்ட்டின் அச்சுத் திரையில் Handouts என்பதற்குக் கீழே இருக்கும் 3 Slides. இடப்பக்கம் மூன்று ஸ்லைடு, வலப்பக்கம் கோடு போட்ட இடம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதையும் 6 Slides அச்சையும் அடுத்தடுத்து வைத்து அளந்து பாருங்கள். இரண்டிலும் ஸ்லைடின் அளவு ஒன்றுதான். ஆறு ஸ்லைடில் வலப்பக்க வரிசையை எடுத்துவிட்டுக் கோடு போட்டால் அதுதான் மூன்று ஸ்லைடு. தாள் இரண்டு மடங்காகிறது, எழுத்து ஒரு துளியும் பெரிதாவதில்லை. எழுத்து தெரியவில்லை என்று புகார் வந்தால் ஆறிலிருந்து மூன்றுக்கு மாறுவது பதில் ஆகாது.

ஏ4 தாளில் அந்த ஸ்லைடின் அகலம் ஏறக்குறைய 8 செ.மீ. வருகிறது. இப்போதைய பவர்பாயிண்ட்டின் வழக்கமான அகல ஸ்லைடு, அதாவது 16:9, உண்மையில் 13.33 அங்குல அகலம், செ.மீ. கணக்கில் 33.9. அப்படியென்றால் எழுத்து கால் பங்குக்கும் கொஞ்சம் கீழே சுருங்குகிறது. கணக்கு எளிது: ஸ்லைடில் போட்டிருக்கும் எழுத்து அளவை அச்சில் வரும் அகலத்தால் பெருக்கி 33.9-ஆல் வகுக்க வேண்டும். மேடத்தின் ஸ்லைடுகளில் பத்தி எழுத்து 20 பாயிண்ட். 20-ஐ 8-ஆல் பெருக்கி 33.9-ஆல் வகுத்தால் 4.7 பாயிண்ட். அட்டவணைகள் 14 பாயிண்ட்டில் இருந்தன, அவை 3.3 பாயிண்ட்டாக வந்திருந்தன. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத் தாளைவிடச் சின்னது.

பழைய 4:3 ஸ்லைடுகளில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அதன் அகலம் 10 அங்குலம்தான் என்பதால் அதே 20 பாயிண்ட் 8 செ.மீ. அகலத்தில் 6.3 பாயிண்ட்டாக நிற்கும். “முன்னாடி எல்லாம் ஆறு போட்டால் படிக்க முடிஞ்சுதே” என்று சிலர் சொல்வது நினைவுப் பிழை அல்ல.

தமிழுக்கு எவ்வளவு பாயிண்ட் போதும்? என் அனுபவத்தில், நல்ல லேசர் அச்சில் 6.5 பாயிண்ட்டுக்குக் கீழே போனால் புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்குகின்றன. கி, கீ இரண்டுக்கும் உள்ள சுழி வித்தியாசம் அடைந்துவிடுகிறது. ஆனால் சொல்லைச் சூழலை வைத்து ஊகித்துவிடலாம். எண்ணை ஊகிக்க முடியாது. “சேமிப்பு” என்பதில் புள்ளி போனாலும் சேமிப்பு என்றுதான் படிப்போம். 1,250.50 என்பதில் புள்ளி போனால் அது வேறு தொகை. 3, 6, 8 மூன்றும் ஒரே உருண்டையாகிவிடும். கணக்குப் பயிற்சியின் கையேட்டில் எண்தான் முதலில் காப்பாற்றப்பட வேண்டியது. பாயிண்ட் எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. ஒரே பாயிண்ட்டில் ஒரு ஃபாண்ட் பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரியும். விஜயா ஃபாண்ட் போட்ட ஸ்லைடு என்றால் நான் கூடுதலாகவே கவனிப்பேன்.

ஏ4-இன் உயரத்தைப் பயன்படுத்துவது

16:9 ஸ்லைடு அகலத்தில் பெரிது, உயரத்தில் குட்டை. 8 செ.மீ. அகலம் என்றால் உயரம் 4.5 செ.மீ. மட்டுமே. மூன்றை அடுக்கினால் 13.5 செ.மீ. தாளோ 29.7 செ.மீ. உயரம். பாதிக்கு மேல் வெறும் இடைவெளி. ஸ்லைடின் அகலத்தை 9.5 செ.மீ.க்கு ஏற்றினால் உயரம் 5.3 செ.மீ. ஆகும். அப்படி நான்கை அடுக்கினாலும் மொத்தம் 21.2 செ.மீ. தான், நடுவில் தாராளமாக இடைவெளி விடலாம். வலப்பக்கம் கிட்டத்தட்ட அதே அகலத்துக்கு எழுதும் இடம் கிடைக்கும். மூன்றுக்குப் பதில் நான்கு ஸ்லைடு, எழுத்தும் கொஞ்சம் பெரிது.

இந்த அமைப்பைப் பவர்பாயிண்ட் நேரடியாகத் தராது. Handout Master திரையில் ஸ்லைடு பெட்டிகளைப் பிடித்து இழுக்க முடியாது. வேர்டுக்கு அனுப்பும் வழி ஒன்று இருக்கிறது: File, Export, Create Handouts என்று போய் Blank lines next to slides என்பதைத் தேர்ந்தெடுத்தால் வேர்டில் ஒரு அட்டவணையாக வந்து இறங்கும். படங்களின் அளவை அங்கே மாற்றலாம், ஆனால் ஒவ்வொன்றாக. பத்துப் பதினைந்து ஸ்லைடு என்றால் சரி. நாற்பது என்றால் பொறுமை போய்விடும், கோப்பும் கனத்துவிடும்.

பவர்பாயிண்ட்டிலிருந்து பி.டி.எஃப். ஆக்கிவிட்டு, லினக்ஸ் உள்ள என் கணினியில், பி.டி.எஃப். பக்கங்களை ஒரே தாளில் அடுக்கித் தரும் pdfjam என்ற கட்டளையைக் கொண்டு அடுக்கினேன். இதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. பக்கப் பட்டியலில் `{}` என்று போட்டால் அந்த இடத்தில் வெற்றுப் பக்கம் வரும். ஸ்லைடு, வெற்று, ஸ்லைடு, வெற்று என்று பட்டியல் கொடுத்து இரண்டு வரிசை, நான்கு அடுக்கு என்று சொன்னால், இடப்பக்கம் முழுக்க ஸ்லைடு, வலப்பக்கம் முழுக்கக் காலி இடம்.

```
pdfjam --nup 2x4 --paper a4paper --delta '0mm 8mm' \
  --scale 0.9 --outfile notes.pdf \
  main.pdf "$(seq -s ',{},' 1 36),{}"
```

`36` என்பது main.pdf-இல் உள்ள பக்க எண்ணிக்கை. 54 எப்படி 36 ஆனது என்பதுதான் அடுத்த விஷயம். உண்மையில் தாள் மிச்சமானதே அங்கேதான்.

எதை அச்சிட வேண்டாம்

மேடத்தை உட்காரவைத்து ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக ஓட்டினோம். தலைப்பு, பகுதிப் பிரிப்பு என்று பெரிய எழுத்தில் ஒரே வரி உள்ளவை ஆறு. வெறும் படம் உள்ளவை மூன்று. “இதுவரை பார்த்தது” என்று முந்தைய ஸ்லைடையே திரும்பக் காட்டுபவை நான்கு. கடைசியில் “நன்றி, கேள்விகள்?” ஒன்று. இந்தப் பதினான்கும் திரையில் வேண்டும். தாளில் யாருக்கும் வேண்டாம். அவற்றை அழிக்கவில்லை, Hide Slide போட்டோம். மறைத்த ஸ்லைடு எண்ணைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அதனால் மற்ற ஸ்லைடுகளின் எண் மாறாது. மேடம் “இருபத்து மூணாவது ஸ்லைடைப் பாருங்க” என்றால் தாளிலும் அதே 23 இருக்கும். பி.டி.எஃப். ஆக்கும்போது Options-இல் Include hidden slides என்பதில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீதி 40. அதில் நான்கு ஸ்லைடுகள் முழு அட்டவணை: ரொக்கப் புத்தகத்தின் மாதிரிப் பக்கம், பேரேட்டுப் பக்கம், கடன் தவணைப் பட்டியல், மாத இறுதி வரவு செலவு அறிக்கை. எல்லாம் 14 பாயிண்ட். 9.5 செ.மீ. அகலத்திலும் இவை 3.9 பாயிண்ட்டுக்கு மேல் வராது. இவற்றைச் சுருக்கிப் போடுவதும் போடாமல் இருப்பதும் ஒன்றுதான். ஆகவே பிரித்தெடுத்து, பக்கத்துக்கு இரண்டு வீதம் கடைசியில் தனியாக வைத்தோம். அங்கே அகலம் 17.8 செ.மீ.; எழுத்து 7.4 பாயிண்ட். வீட்டுக்குப் போன பிறகு திரும்ப எடுத்துப் பார்க்கப்போவதும் இந்த நான்கைத்தான்.

```
pdfjam --nup 1x2 --paper a4paper --delta '0mm 20mm' \
  --scale 0.85 --outfile tables.pdf tables-in.pdf
```

மீதி 36 ஸ்லைடுகளில் 20 பாயிண்ட் பத்தி எழுத்து 5.6 பாயிண்ட்டாகத்தான் வந்தது. எந்த அடுக்கு முறையாலும் இதைத் தீர்க்க முடியாது, ஸ்லைடுக்குள்ளேயே எழுத்து ஏற வேண்டும். 24 ஆக்கினால் 6.7. பெரும்பாலான ஸ்லைடுகள் அப்படியே தாங்கின. சிலவற்றில் வரிகள் வழிந்தன. மேடம் முழு வாக்கியங்களைச் சுருக்கினார். “உறுப்பினர்கள் மாதந்தோறும் செலுத்தும் சேமிப்புத் தொகையைத் தனித்தனியாகப் பதிய வேண்டும்” என்பது “மாதச் சேமிப்பு: ஆளுக்கு ஒரு வரி” ஆனது. இதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறைதான். ஆனால் அதைத்தானே வாயால் சொல்லப்போகிறார்.

இப்போது தாள் கணக்கு. 36 ஸ்லைடு நான்கு வீதம் ஒன்பது பக்கம். அட்டவணை இரண்டு பக்கம். மொத்தம் 11 பக்கம், முன்னும் பின்னும் போட்டால் ஆறு தாள். 60 பேருக்கு 360 தாள். பழைய ஆறு ஸ்லைடு அச்சில் 54 ஸ்லைடும் ஒன்பது பக்கத்தில் அடங்கியிருந்தன; ஐந்து தாள், மொத்தம் 300. எதையும் நீக்காமல் 3 Slides போட்டிருந்தால் 18 பக்கம், ஒன்பது தாள், மொத்தம் 540. ஒரு ரீம் முடிந்து அடுத்ததைப் பிரிக்க வேண்டியிருந்திருக்கும். ஆளுக்கு ஒரு தாள் கூடுதல் என்பதற்கு மேடம் ஒத்துக்கொண்டார். பன்னிரண்டாவது பக்கம் காலியாக இருந்ததால் அதில் கட்டம் மட்டும் போட்ட வெற்று ரொக்கப் புத்தகப் பக்கம் ஒன்றை வைத்தோம், பயிற்சிக்கு எழுதிப் பார்க்க.

ஒன்று சொல்ல வேண்டும்: பெரும்பாலான கடைகளில் காசு தாளுக்கு இல்லை, பக்கத்துக்கு. முன்னும் பின்னும் போட்டால் தாள் பாதியாகும், பில் பாதியாகாது. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் பக்க எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

நீலப் பட்டை

ஸ்லைடுகளின் மேலே அடர்நீலப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் தலைப்பு. திரையில் நன்றாக இருக்கும். கருப்பு வெள்ளை அச்சில் இது இரண்டு விதமாகக் காலை வாரும்.

பவர்பாயிண்ட்டில் Grayscale என்று கொடுத்தால் ஸ்லைடின் பின்னணி வெள்ளையாகிவிடும், எழுத்து கருப்பாகிவிடும். பலரும் இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார்கள். ஆனால் பின்னணியாக வைக்காமல் செவ்வகம் வரைந்து நிறம் கொடுத்திருந்தால் அது பின்னணிக் கணக்கில் வராது. செவ்வகம் அடர்சாம்பலாக நிற்கும், அதன் மேல் எழுத்து கருப்பாக. தலைப்பே மறைந்துவிடும். எங்கள் சோதனை அச்சில் சரியாக இதுதான் வந்தது. Pure Black and White கொடுத்தால் செவ்வகம் வெள்ளையாகி எழுத்து கருப்பாகத் தெளிவாக நிற்கும், டோனரும் மிச்சம்; படங்களும் வரைபடங்களும் சாம்பல் நிறத்தில் வரும். பெரும்பாலான பயிற்சிக் கையேடுகளுக்கு இதுவே போதும். வண்ணம் நிரப்பிய பெட்டிகளை வைத்துப் பொருள் சொல்லும் ஸ்லைடு இருந்தால் மட்டும் கவனம் வேண்டும், நிரப்பு எல்லாம் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் View, Grayscale என்று போய் அந்த ஒரு பெட்டியை மட்டும் தேர்ந்தெடுத்து Light Grayscale கொடுக்கலாம்.

ஆனால் எங்கள் வழி பி.டி.எஃப். வழியாகப் போவதால் அச்சுத் திரையில் கொடுக்கும் இந்த அமைப்புகள் உதவாது. பி.டி.எஃப். ஆக ஏற்றுமதி செய்தால் வண்ணத்திலேயே வரும். அதற்கு Microsoft Print to PDF-ஐ அச்சுப்பொறியாகத் தேர்ந்தெடுத்து, Full Page Slides, Pure Black and White என்று கொடுத்து அச்சிட வேண்டும். அங்கே Print hidden slides-இல் உள்ள டிக்கையும் எடுக்க வேண்டும். அங்கே தாள் அளவு ஏ4 என்று இருந்தால் ஸ்லைடைச் சுற்றி வெள்ளை ஓரம் சேர்ந்து, பிறகு pdfjam-இல் ஸ்லைடு இன்னும் சிறுத்துவிடும். நாங்கள் அதைவிட எளிதாக ஒன்று செய்தோம்: கோப்பை நகலெடுத்து, Slide Master-இல் பட்டையை நீக்கி, தலைப்பைக் கருப்பாக்கி, சாம்பல் நிற எழுத்துகளையும் கருப்பாக்கி, அதை ஏற்றுமதி செய்தோம். சாம்பல் எழுத்தை அச்சுப்பொறி புள்ளி புள்ளியாகப் பிரித்துத்தான் போடும். பெரிய எழுத்தில் அது தெரியாது, 6.7 பாயிண்ட்டில் எழுத்தின் ஓரம் பிய்ந்துவிடும். மாஸ்டரிலேயே இருக்கும்போது ஸ்லைடு எண்ணையும் 12-லிருந்து 28 பாயிண்ட்டுக்கு ஏற்றினோம். இல்லாவிட்டால் எண்ணே 3.4 பாயிண்ட்டில் வந்திருக்கும், 23-ஐத் தேடச் சொல்லிப் பயனில்லை.

அதே நகலில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பயிற்சி ஸ்லைடில் கேள்வி முதலில், கிளிக் செய்தால் விடை. திரையில் படிப்படியாக வருவது அச்சில் ஒன்றாக வந்துவிடும், விடையோடு. நகலில் விடைகளை எடுத்துவிட்டோம். அந்த ஸ்லைடுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடம்தான் பிறகு எல்லோரும் அதிகம் எழுதிய இடம்.

சோதனைத் தாளும் பிறகும்

முழுவதையும் அடிக்கும் முன் ஒரு தாள் மட்டும் அச்சிடுவது எல்லோரும் செய்வதுதான். எந்தத் தாள் என்பதில்தான் விஷயம். முதல் பக்கத்தை அச்சிட்டால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். எழுத்து நெருக்கமாக உள்ள, எண்கள் அதிகம் உள்ள பக்கத்தை எடுக்க வேண்டும். அடுத்து அளவுகோல் வைத்து ஸ்லைடின் அகலம் 9.5 செ.மீ. வருகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தால், அச்சுத் திரையில் Fit போன்ற ஏதோ ஒன்று மறுபடியும் சுருக்கியிருக்கிறது. Actual size என்று மாற்ற வேண்டும். அப்புறம் அந்தத் தாளையே ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தோம். 60 பிரதியோடு இது நின்றுவிடப்போவதில்லை, யாராவது இதை ஊரில் நகல் எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். ஜெராக்ஸிலும் தசமப் புள்ளி நின்றது. பேப்பர் 75 ஜி.எஸ்.எம்.; பால்பாயிண்ட் பேனாவில் எழுதினால் பின்பக்கம் லேசாகத் தடம் தெரியும், ஆனால் படிப்பதற்கு இடைஞ்சல் இல்லை. இரண்டு பக்கமும் போடும்போது Flip on long edge. நெட்டுப் பக்கத்துக்கு அதுதான். மாறிப்போனால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

எழுதும் இடத்தில் கோடு போடலாமா என்று பேச்சு வந்தது. எட்டு மி.மீ. இடைவெளியில் போட்டால் ஸ்லைடுக்கு ஆறு கோடு கிடைத்திருக்கும். கணக்குப் பயிற்சியில் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, நடுவில் கோடு கிழித்துக் கூட்டி எழுதுவார்கள் என்பதால் வெறுமனே விட்டோம். பயிற்சி முடிந்த பிறகு சிலர் கோடு இருந்திருக்கலாம் என்றார்கள். வேறு பயிற்சி என்றால் நானும் கோடு போட்டிருப்பேன்.

இந்த அமைப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 4:3 ஸ்லைடு 9.5 செ.மீ. அகலத்தில் 7.1 செ.மீ. உயரம் வரும், நான்கை இடைவெளியோடு அடுக்க ஏ4 போதாது. அதற்கு மூன்றுதான், ஆனால் பவர்பாயிண்ட்டின் 8 செ.மீ. மூன்றைவிடப் பெரிதாகப் போடலாம். ஸ்பைரல் பைண்டிங் போடுவதாக இருந்தால் இடப்பக்கம் ஒன்றரை செ.மீ. ஓரம் வேண்டும், ஸ்லைடைக் கொஞ்சம் சுருக்க வேண்டிவரும். நாங்கள் இடப்பக்க மேல்மூலையில் ஒரு ஸ்டேப்பிளோடு விட்டோம்.

தீராமல் நின்றது ஒரு வரைபட ஸ்லைடு: வரவு பச்சைப் பட்டை, செலவு சிவப்புப் பட்டை. கருப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாக வந்தன, ஓரத்தில் இருந்த வண்ணக் குறிப்பால் எந்தப் பயனும் இல்லை. அடுத்த அணிக்கு அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பட்டைக்கு மேலேயும் வரவு, செலவு என்று எழுதி, தொகையையும் போட்டுவிடுவதாக மேடம் சொல்லியிருக்கிறார்.